பூண்டெண்ணெயும் பழைய புட்டியும் ஓரமாக இருக்கட்டும்

காந்தலூரிலும் மறையூரிலும் பிள்ளை வளர்க்கும் என் சக பெற்றோருக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். சளி பிடித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நடு ராத்திரியில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. அப்போது நம் வீடுகளில் நடப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பாட்டி பூண்டைத் தட்டி எண்ணெயில் காய்ச்சக் கிளம்புவார். அம்மா போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் புட்டியை அலமாரியில் தேடுவார். அப்பா விடிந்ததும் உடுமலைக்கு வண்டி எடுக்கலாமா என்று கணக்குப் போடுவார். இத்தனை பேர் இத்தனை செய்தும், வலிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றினாலும், "காய்ச்சல் இல்லையே, எதுக்கு பாரசிட்டமால்?" என்று புட்டியை மூடி வைத்துவிடுகிறோம்.

பாரசிட்டமால் காய்ச்சலுக்கு மட்டுமான மருந்து என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அது வலிக்கான மருந்தும்தான். காய்ச்சல் ஒரு துளி இல்லாவிட்டாலும், காதுவலியில் துடிக்கும் பிள்ளைக்கு அந்த ராத்திரி முதலில் போய்ச் சேர வேண்டியது அதுதான். ஆன்டிபயாட்டிக் நல்லதா கெட்டதா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

சளி பிடித்தால் காது ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிதில் விளங்கும். செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்று சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. காற்று உள்ளே போவதும் ஈரம் வெளியே வடிவதும் அதன் வழியாகத்தான். பெரியவர்களுக்கு அந்தக் குழல் நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். நம் தட்டு வயல்களில் சரிவு சரியாக எடுக்காத வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்குமே, அந்தக் கதைதான். சளியில் குழலின் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் தேங்குகிறது. மூக்கில் இருக்கும் கிருமிகள் அதில் பெருகுகின்றன. சீழ் சேரச் சேர அது செவிப்பறையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த இழுவிசைதான் பிள்ளையை அலற வைக்கிறது. பகலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ராத்திரி படுத்ததும் கத்துவதற்குக் காரணம், படுத்தால் அழுத்தம் கூடுவதுதான். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தாலோ மடியில் சாய்த்துக்கொண்டாலோ கொஞ்சம் இளகும்.

இனி பூண்டுக்கு வருவோம். புவிசார் குறியீடு பெற்ற காந்தலூர் வட்டவடைப் பூண்டை விளைவிப்பவர்களிடம் பூண்டைக் குறை சொல்வது சிரமம் என்று எனக்குத் தெரியும். நான் பூண்டைக் குறை சொல்லவில்லை, அதைக் காதில் ஊற்றுவதைத்தான் சொல்கிறேன். வலிக்கிற இடம் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. செவிப்பறை முழுதாக இருந்தால், நீங்கள் ஊற்றுகிற எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகவே போகாது. சீழின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்திருந்தாலோ, எண்ணெயும் அதிலிருக்கும் அழுக்கும் நேராக நடுச்செவிக்குள் இறங்கும். கிழிந்திருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிய வழியே கிடையாது. எண்ணெய் சூடாக இருந்து காதின் உள்தோல் வெந்துபோவது ஒருபுறம். மறுநாள் மருத்துவர் லைட் வைத்துப் பார்த்தால் செவிப்பறைக்குப் பதில் எண்ணெயும் பூண்டுத் துணுக்கும் தெரிவது இன்னொரு புறம். நோயைத் தீர்மானிக்கும் ஒரே இடத்தை நாமே மூடி வைத்துவிட்டுப் போய் நிற்கிறோம்.

"பூண்டுத் துளி மருந்தை வெளிநாட்டிலேயே சோதிச்சுப் பாத்திருக்காங்களே" என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். இஸ்ரேலில் பூண்டு உள்ளிட்ட மூலிகைத் துளி மருந்தைக் காதுவலிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2001இலும் 2003இலும் முடிவுகள் வெளியாயின. அவை மருந்தாகத் தயாரிக்கப்பட்ட துளிகள். கொடுத்ததும் காதைப் பார்த்த மருத்துவர்கள். வலி குறைந்தது; ஆனால் அந்தக் குறைவில் பெரும்பங்கு நேரம் போகப்போகத் தானாகக் குறைந்ததுதான் என்று 2003ஆம் ஆண்டு ஆய்வைச் செய்தவர்களே எழுதினார்கள். நம் பாட்டி ஊற்றிய எண்ணெயால் வலி போனது என்று நாம் நம்புவதும் இதே காரணத்தால்தான். எண்ணெய் ஊற்றியிருக்காவிட்டாலும் பெரும்பாலும் அந்த வலி தானாகவே குறைந்திருக்கும்.

பாட்டியின் கைக்கு வேலை வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. மெல்லிய துணியை வெதுவெதுப்பாக்கித் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிள்ளையின் காதுக்கு வெளியே ஒற்றி வைக்கச் சொல்லுங்கள். நோய் அதனால் மாறாது, பிள்ளைக்கு இதமாக இருக்கும். காதுக்குள் எதுவும் போகக் கூடாது: எண்ணெய், தாய்ப்பால், பஞ்சு சுற்றிய குச்சி எதுவுமே.

வலி மருந்தைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொடுப்பவர்களும் பெரும்பாலும் தப்பாகத்தான் கொடுக்கிறோம். ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயது, எடை 16 கிலோ. திங்கட்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பித்தது, வியாழன் ராத்திரி பத்து மணிக்கு வலது காது வலிக்கிறது என்று அழுகிறது. காய்ச்சல் 100 டிகிரி. பாரசிட்டமால் அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: கிலோவுக்கு 15 மில்லிகிராம். பதினாறைப் பதினைந்தால் பெருக்கினால் 240 மில்லிகிராம். இது ஒரு வேளைக்கான அளவு.

இந்த 240 மில்லிகிராம் எத்தனை மில்லி என்பது உங்கள் வீட்டுப் புட்டியைப் பொறுத்தது. தவறு நடக்கும் இடமே இதுதான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 10 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லியில் 250 என்று இருந்தால் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவாக, 4.8 மில்லி. கைக்குழந்தைக்கென்று வாங்கிய சொட்டு மருந்துப் புட்டியாக இருந்தால் அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அப்படியானால் 2.4 மில்லி போதும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 10 மில்லி ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், கல்லீரலுக்கு ஆபத்து. இன்னொரு பக்கம், 120 புட்டியில் "சின்னப் புள்ளைதானே" என்று 5 மில்லி கொடுக்கிற வீடுகள்தான் அதிகம். தேவையில் பாதி அளவு கொடுத்துவிட்டு, "பாரசிட்டமால் கொடுத்தும் கேக்கலீங்க, ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க" என்று மருத்துவரிடம் போய் நிற்கிறோம். மருந்து கேட்காமல் போகவில்லை, நாம் கொடுக்கவே இல்லை.

சமையலறை ஸ்பூனை விட்டுவிடுங்கள்; ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. புட்டியோடு வரும் கோடு போட்ட மூடியில் அளந்தாலும் சரி, மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்தாலும் சரி. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரமாவது, முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு நாளும் வலி திரும்பும்வரை காத்திருந்து, பிள்ளை கத்திய பிறகு கொடுக்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கொரு முறை கொடுத்து வாருங்கள். நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை. எந்த நேரத்தில் கொடுத்தோம் என்று காலண்டர் தாளில் குறித்து வைத்தால், அப்பா ஒரு முறை அம்மா ஒரு முறை என்று இரட்டையாகப் போகாது.

இப்யூபுரூஃபனும் காதுவலிக்கு நன்றாகவே கேட்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம், நம் 16 கிலோ பிள்ளைக்கு 160, நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் இல்லை, சாப்பிட்ட பிறகு. ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கும், வாந்தி பேதியால் வாடிப்போன பிள்ளைக்கும், அம்மை போட்ட பிள்ளைக்கும், டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கும் அதைத் தொடாதீர்கள். நம்மில் பலர் கவனிக்காத இன்னொன்று: கடைகளில் கிடைக்கும் சில சிரப்புகளில் இப்யூபுரூஃபனும் பாரசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. சளிக்கென்று விற்கும் சிரப்புகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. காலையில் சளி சிரப், மதியம் காய்ச்சல் சிரப், ராத்திரி வலி சிரப் என்று மூன்று பெயரில் ஒரே மருந்தை மூன்று முறை ஏற்றிவிடுகிறோம். லேபிளைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். காதுவலிக்குச் சளி சிரப்பால் பயன் எதுவும் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. 2025 அக்டோபரில் 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப்பில் கலந்திருந்த நச்சுப்பொருளால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது கேரளமும் அதன் விற்பனையை நிறுத்தியது. அதுவும் சளிக்கென்று கொடுக்கப்பட்ட சிரப்தான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த நிமெசுலைடைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே அது இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்டது. ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு ஆகாது.

சரி, ஆன்டிபயாட்டிக். "முதல் நாளே கொடுத்தா சீக்கிரம் வலி நிக்கும்ல?" என்று கேட்கிறீர்கள். நிற்காது. இதை ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம், பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக்கும் பாதிப் பேருக்கு அதேபோல் தெரியும் வெறும் மருந்தும் கொடுத்து, பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளையெல்லாம் கோக்ரேன் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு தொகுத்துப் பார்த்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் நூறில் அறுபது பிள்ளைகளுக்கு வலி போயிருந்தது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, சாப்பிடாதவர்களில் நூறில் பதினாறு பேருக்கு வலி மிச்சம் இருந்தது, சாப்பிட்டவர்களில் பன்னிரண்டு பேருக்கு. வித்தியாசம் நான்கு பிள்ளைகள். அதே நூறில் ஏழு பிள்ளைகள் கூடுதலாக வாந்தி, பேதி, தடிப்பு என்று அவதிப்பட்டார்கள். பிள்ளை கத்துகிற அந்த முதல் ராத்திரியில் ஆன்டிபயாட்டிக்கால் செய்ய முடிந்தது ஏதுமில்லை. அந்த ராத்திரியைக் கடக்க வைப்பது வலி மருந்துதான்.

நெதர்லாந்தின் குடும்ப மருத்துவர்கள் 1990இலேயே இதை ஏற்று, பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் வலி மருந்து கொடுத்துக் காத்திருந்து பார்ப்பது என்று வழிகாட்டி வகுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பின்னாளில் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தக் காத்திருப்புக்கு இடம் கொடுக்கிறது.

அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமா? அப்படியும் நான் சொல்லவில்லை. வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாமதிக்கவும் கூடாது. யார் அவர்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் மருத்துவரின் வேலை, அதற்கு அவர் காதுக்குள் பார்த்தாக வேண்டும். நம் நான்கு வயதுப் பிள்ளையை வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவரிடம் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 240 மில்லிகிராம் கொடுத்ததில் ஒரு மணி நேரத்தில் அழுகை அடங்கி, விடியும்வரை தூங்கியது. மருத்துவர் லைட் வைத்துப் பார்க்கிறார். இடது செவிப்பறை சாதாரணமாக இருக்கிறது. வலது செவிப்பறை சிவந்து வெளியே புடைத்திருக்கிறது, ஒழுகவில்லை. சிவப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். அழுத பிள்ளைக்கும் காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கும்கூடச் செவிப்பறை சிவந்திருக்கலாம். புடைத்திருப்பதுதான் சீழுக்கு அடையாளம். ஆகவே "காதைப் பார்த்தீங்களா டாக்டர், புடைச்சிருக்கா?" என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது நம் உரிமை. காதையே பார்க்காமல் எழுதிய ஆன்டிபயாட்டிக் ஊகத்தில் எழுதியது.

இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை, ஒரே காது, ஒழுக்கு இல்லை, 102க்குக் கீழே காய்ச்சல், வலி மருந்துக்கு அடங்குகிற வலி. இந்தப் பிள்ளைக்கு நல்ல மருத்துவர் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்வார். சிலர் ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்து, "ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள் பாருங்க, குறையலைன்னாலோ அதுக்கு முன்னாடியே கூடினாலோ ஆரம்பிங்க" என்பார்கள். சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வலி மருந்தைத் தொடருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை எழுந்து விளையாடினால் சீட்டைக் கிழித்துப் போடலாம். இந்த மருத்துவரைத்தான் நாம் "ஒண்ணுமே எழுதிக் கொடுக்கல, வெறும் பாரசிட்டமால்தான் கொடுத்தாரு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம். நியாயமா இது? லைட் வைத்துப் பார்த்து, யோசித்து, வேண்டாத மருந்தை எழுதாமல் விட்டவர் அவர். நம்முடைய இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல மருத்துவர்கள் கை ஓடி எழுதிவிடுகிறார்கள்.

இப்போது அதே வீட்டில் பதினான்கு மாதத் தங்கை இருக்கிறாள், அவளுக்கு இரண்டு செவிப்பறையும் புடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்கு முழுதும் மாறிவிடுகிறது. இரண்டு வயதுக்குக் கீழே, இரண்டு காதிலும் வந்தால் ஆன்டிபயாட்டிக்கால் தெளிவான பலன் உண்டு. அந்த மாதிரிக் குழந்தைகளில், மருந்து இல்லாமல் விட்டவர்களில் நூறில் ஐம்பத்தைந்து பேருக்குச் சில நாள் கழித்தும் வலியோ காய்ச்சலோ நீடித்தது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களில் முப்பது பேருக்குத்தான் நீடித்தது. எந்த வயதானாலும் காது ஒழுகும் பிள்ளைக்கு இதைவிடவும் பெரிய பலன் இருக்கிறது. காய்ச்சல் 102ஐத் தாண்டினாலும், சரியான அளவில் வலி மருந்து கொடுத்தும் இரண்டு நாளாக வலி விடாவிட்டாலும் மருத்துவர் ஆன்டிபயாட்டிக்கை யோசிப்பார். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் காத்திருக்கும் பேச்சே இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிளந்த அண்ணத்தோடு பிறந்த பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளை இவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

காது ஒழுகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்கக் கத்திய பிள்ளை விடியற்காலையில் சட்டென்று அமைதியாகும். தலையணையில் மஞ்சளாகவோ லேசான ரத்தத்தோடோ ஈரம் இருக்கும். செவிப்பறை சிறிதாகக் கிழிந்து சீழ் வெளியேறிவிட்டது. அழுத்தம் இறங்கியதால் வலியும் இறங்கியது. பதற வேண்டாம், பெரும்பாலும் சில வாரத்தில் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் "வலி போயிடுச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரி" என்று இருந்துவிடாதீர்கள். அன்றே காட்டுங்கள். ஆறும்வரை காதில் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஒழுகினால் அது வேறு நோயாக மாறுகிறது என்று பொருள். அதற்கு வாய்வழி மருந்தைவிடக் காதில் விடும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்துதான் முக்கியம். அதை மருத்துவர் மட்டும்தான் கொடுக்க வேண்டும். நம் ஊர்களில் வருஷக்கணக்கில் காது ஒழுகி, கேட்கும் திறனைப் பாதி இழந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தொடங்கியது இப்படி ஒரு சின்ன வயதுக் காதுவலியில்தான்.

இனி அலமாரிப் புட்டி. ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் பொடியாக வரும், ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்குகிறோம். கலக்கிய பிறகு பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் அதன் வீரியம் நிற்காது, லேபிளிலேயே எழுதியிருக்கும். இரண்டு மாதத்துக்கு முந்தைய புட்டியில் இருப்பது இனிப்பு நீர். அப்படியே புதிதாக இருந்தாலும் அது வேறு நோய்க்குக் கொடுத்தது. காதுக்கு முதல் தேர்வு அமாக்சிசிலின், அதுவும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் என்ற கணக்கில். தொண்டைப் புண்ணுக்குக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. பழைய புட்டியில் பழைய அளவைக் கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். "மூணே நாள்ல முடிஞ்சிடும்" என்று நாம் விரும்பிக் கேட்கும் அசித்ரோமைசினும், செஃபிக்சிமும் காதுவலிக் கிருமிகளில் முக்கியமான நிமோகாக்கஸிடம் அமாக்சிசிலின் அளவுக்குச் செல்லுபடியாவதில்லை. விலை கூடின மருந்து வீரியம் கூடின மருந்து என்று நினைப்பது இந்த இடத்தில் நேர்த் தவறு.

கேரளம் 2018இல் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கென்று மாநிலத் திட்டம் வகுத்தது. 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் சோதனை நடத்தியது. ஆன்டிபயாட்டிக்கை நீல உறையில் போட்டுத் தர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் நாம் சண்டை போடுகிறோம். பிறகு சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய், கேட்காமல் கொடுக்கும் கடையைத் தேடுகிறோம். சட்டம் அந்தப் பக்கமும் இதுவேதான், இந்தியா முழுக்க ஒன்றே. எல்லையைத் தாண்டி நாம் வாங்கி வந்த அந்தப் புட்டி நம் பிள்ளையின் மூக்கிலேயே மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது. நாளை அதே பிள்ளைக்கு நிமோனியா வந்து உண்மையிலேயே ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும்போது, முதல் மருந்து கேட்காமல் போவது அதனால்தான்.

உடுமலைப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் இது. காந்தலூர் ஐயாயிரம் அடி வாக்கில் இருக்கிறது. மறையூர், சின்னாறு என்று இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. சளியில் குழல் அடைத்திருந்தால் நடுச்செவியால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது, செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். ஏறும்போது அழாத பிள்ளை இறங்கும்போது வளைவுக்கு வளைவு அழுவது இதனால்தான். அவசரம் இல்லையென்றால் அந்த இறக்கத்தைத் தள்ளிப்போடுங்கள்; உள்ளூர் ஆஸ்பத்திரியிலோ மறையூரிலோ காதைப் பார்க்கச் சொல்லுங்கள். போயே ஆக வேண்டுமென்றால், கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு வேளை பாரசிட்டமால் கொடுங்கள். இறங்கும்போது தூங்கவிடாமல், கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும் பெரிய பிள்ளைக்குத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். விழுங்கும்போதெல்லாம் அந்தக் குழல் ஒரு கணம் திறக்கும்.

ராத்திரி என்றும் பாராமல் கிளம்ப வேண்டிய நிலைகளும் உண்டு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது. முகம் ஒரு பக்கம் கோணுவது. கழுத்து விறைப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, நடக்கையில் தள்ளாடுவது, நிற்காமல் வாந்தி எடுப்பது. மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குழப்பமாக இருந்தால் கேரள அரசின் 'திஷா' உதவி எண் 1056 எந்நேரமும் எடுக்கும். காது மடலை லேசாக இழுத்தாலே பிள்ளை துள்ளினால், அது பெரும்பாலும் வெளிக்காதுப் புண். அதற்கு வைத்தியம் வேறு. காதில் பட்டாணியோ பூச்சியோ போயிருக்கலாம், கடைவாய்ப் பல்லின் வலி காதில் தெரியலாம். இவற்றையும் காதைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

வலி போன பிறகும் சில வாரம் பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது. "சொல்பேச்சு கேக்க மாட்டேங்கிறான்" என்று முதுகில் ஒன்று வைக்காதீர்கள். நடுச்செவியில் நீர் இன்னும் வடியாமல் இருக்கலாம். ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்கு அது இருக்கும். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், நேரம்தான் வேண்டும். பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் பேசுங்கள், நீங்களும் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மூன்று மாதம் ஆகியும் அப்படியே இருந்தால், அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.